கூட்டமில்லாத நாட்களில் நவகிரக தரிசனம்: பெரியவர்களுக்காக 6 நாள் பயணம்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஒன்பது நவகிரகத் தலங்களையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம். பலரும் அப்படித்தான் அழைத்துப் போகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவார்கள், ஓட ஓடத் தரிசனம், வண்டியிலேயே சாப்பாடு. எழுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு இது சரிப்படாது. நாங்கள் அதே ஒன்பது தலங்களுக்கு ஆறு நாள் எடுத்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை காலை சென்னை எழும்பூரிலிருந்து பகல் ரயில். இரவு ரயிலில் கீழ்ப் படுக்கைக்குப் போராட வேண்டாம், இருட்டில் இறங்கவும் வேண்டாம். கும்பகோணம் போய்ச் சேர்ந்ததும் மதியச் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் ஒரு டிகிரி காபி. அன்றைக்குக் கோயில் கிடையாது.

செவ்வாய் காலை ஆலங்குடி குரு பகவான், பிற்பகல் திருநாகேஸ்வரம். அங்கே ராகு கால நேரத்தில் பாலாபிஷேகம் நடக்கும். செவ்வாயன்று அது 3 மணி முதல் 4.30 வரை. பால் நீலமாக மாறும் என்பார்கள், அதை உட்கார்ந்து பார்க்க முன்னதாகவே போய்விடுவோம். புதன் காலை சூரியனார் கோயிலும் பக்கத்திலேயே உள்ள கஞ்சனூரும், சாயங்காலம் திருவையாறு பக்கம் திங்களூர். வியாழன் காலை வைத்தீஸ்வரன் கோயிலில் அங்காரகன், தையல்நாயகி, செல்வமுத்துக்குமாரசுவாமி தரிசனம். மாலையில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். அன்றிலிருந்து மயிலாடுதுறையில் தங்கல். வெள்ளி காலை காரைக்கால் பகுதியில் உள்ள திருநள்ளாறு. மாலை முழுக்க ஓய்வு. சனிக்கிழமை பிற்பகல் ரயிலில் சென்னை திரும்புகிறோம்.

வரிசையைக் கவனித்தீர்களா? குருவுக்கு வியாழன், சனி பகவானுக்குச் சனிக்கிழமை என்று உரிய நாளில் எங்கேயும் போகவில்லை. அந்த நாட்களில் வரிசையில் நின்றே கால் வீங்கிவிடும். மற்ற நாட்களில் சன்னதி முன் நிதானமாக நின்று, பேரப்பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்யலாம். திருநள்ளாற்றைச் சனிக்கிழமைதான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பயணம் ஒத்துவராது, முன்பே சொல்லிவிடுகிறோம்.

காலை தரிசனத்துக்கு 7 மணிக்குக் கிளம்பினால் கல்தரை சுடுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். பிறகு நாலு மணி வரை பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும், செவ்வாய் தவிர மற்ற நாட்களில் நாமும் படுத்திருப்போம். திருநள்ளாற்றின் நள தீர்த்தத்தில் படி வழுக்கும் என்பதால் முங்கிக் குளிக்கச் சொல்ல மாட்டோம். உதவியாளர் சொம்பில் கொண்டுவரும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

ஒரு குழுவில் எட்டுப் பெரியவர்கள், அவர்களோடு வரும் குடும்பத்தார் நாலு பேர், அவ்வளவுதான். ஏசி வேன், ஏறி இறங்க முக்காலி உண்டு. கூடவே இரண்டு உதவியாளர்கள், அதில் ஒருவர் பெண். மடக்கும் சக்கர நாற்காலி இரண்டு எடுத்துவருகிறோம். பிராகாரம் வரை அது போகும், உயரமான வாசற்படி உள்ள இடங்களில் கைத்தாங்கலாகத்தான் அழைத்துப் போக முடியும். படியேறவே முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறைகள் தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள விடுதியில். வெஸ்டர்ன் கழிவறையும் கைப்பிடியும் இருக்கிறதா என்று நாங்களே பார்த்துத்தான் பதிவு செய்கிறோம். இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் உண்டு. வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான இடத்தில் வண்டி நிற்கும்.

சாப்பாடு சைவம், காரம் குறைவு. ராத்திரி ஏழு மணிக்கே இட்லி, இடியாப்பம் அல்லது கஞ்சி தயார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனியாகச் சமைக்கச் சொல்லலாம்.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு: தினமும் இரவு எட்டு மணிக்குள் அன்றைய படங்களோடு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். மாத்திரைப் பட்டியலையும் மருத்துவர் எண்ணையும் பதிவின்போதே வாங்கிக்கொள்கிறோம். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு உதவியாளர் அறையில் துணைக்கு இருப்பார், மற்றவர்கள் பயணம் தொடரும். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கும் அழைத்துப் போவோம். அந்தச் செலவு மட்டும் உங்களுடையது.

கட்டணம்: இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு 21,500 ரூபாய். தனி அறை வேண்டுமானால் 5,000 ரூபாய் கூடுதல். ரயில், வேன், தங்கல், மூன்று வேளை உணவு, உதவியாளர் எல்லாம் இதில் அடக்கம். அர்ச்சனை, அபிஷேகக் கட்டணம் தனி. கிளம்புவதற்கு 10 நாள் முன்வரை ரத்து செய்தால் ரயில் கட்டணப் பிடித்தம் போக மீதியைத் தந்துவிடுவோம்.

அடுத்த பயணங்கள்: 2026 ஜனவரி 19, பிப்ரவரி 9. ஏப்ரல், மே வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நாங்கள் கிளம்புவதில்லை. பதிவுக்கு மேற்கு மாம்பலம் அலுவலகத்துக்கு வாருங்கள், காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். பெரியவர்களையும் அழைத்து வந்தால் அவர்களோடு பேசி, என்னென்ன வசதி வேண்டும் என்று அப்போதே எழுதிக்கொள்வோம்.