மூன்றாம் இயலில் ஒரு பத்தி

இரவு பதினொன்றரைக்கு முத்துச்செல்வி பிழை திருத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை நான்கு மணிக்குள் முதுகலை ஆய்வேட்டைத் துறையில் கொடுத்தாக வேண்டும். காலை ஒன்பதுக்குப் பென்டிரைவ் கைக்கு வந்துவிட்டால் மூன்றரைக்கு அட்டை போட்டுத் தருவதாக அச்சகக்காரர் சொல்லியிருந்தார். ஒன்பதேகாலுக்கு வந்தால் உத்தரவாதம் கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

தலைப்பு, மேலூர்ப் பகுதிக் கண்மாய்களில் நீர்க்கட்டிகளின் நிலை. நீர்க்கட்டி என்பவர் மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடுகிறவர். 1895-இல் பெரியாறு அணை வந்ததற்கு முன்னும் பின்னும் நீர்ப்பங்கீடு எப்படி நடந்தது என்பதில் தொடங்கி, பம்புசெட் பெருகிய பிறகு மடை திறக்கிறவரின் வேலை என்ன ஆனது என்பதில் முடியும். மூன்றாவது இயல்தான் அதன் உயிர். அதிலும் ஒரு பத்தி.

அந்தப் பத்தியை அவளுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடமாகவே தெரியும்:

"மடை திறப்பவன் தண்ணீரைக் கண்ணால் அளப்பதில்லை, காதால் அளக்கிறான். குமிழியில் நீர் விழும் ஓசை தணிந்தால் கடைமடைக்கு இன்னும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் நிலம் உண்டு, அவனுக்கு மட்டும் இல்லை. நிலமில்லாதவன் கையில் மடையை ஒப்படைத்ததுதான் இந்தப் பரசன முறையின் நீதி."

'பரசன' என்பதைப் 'பாசன' என்று மாற்றினாள். மூன்று வரி தள்ளி 'ஐப்பசி மரதம்'. அதையும் மாற்றப் போனவள் கையை எடுத்துவிட்டாள்.

அவள் தட்டச்சு செய்வது ஒலிமுறையில். paasanam என்று அடிக்கிற விரல் தவறினால் 'பசனம்' வரும், 'பாசநம்' வரும். 'பரசனம்' வர வேண்டுமானால் நடுவில் ஒரு ரகரத்தை மெனக்கெட்டு அடிக்க வேண்டும். துணைக்காலை ரகரமாகப் படிப்பது மனிதர் செய்கிற பிழை அல்ல. பழைய தாளைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றுகிற செயலி செய்கிற பிழை.

இந்தப் பத்தியை அவள் எழுதவில்லை.

எழுதவில்லை என்பதைவிட, எழுதியதாக இத்தனை மாதம் நம்பியிருந்ததுதான் வயிற்றைப் பிசைந்தது. "இங்கேதான் நீ எழுத ஆரம்பித்திருக்கிறாய்" என்று அந்தப் பத்தியின் ஓரத்தில் நெறியாளர் பச்சை மையில் குறித்திருந்தார். அதைப் படித்த அன்று விடுதி வரை அவள் நடந்தே வந்தாள், பஸ்ஸுக்குக் காசு இருந்தும்.

கைப்பேசியில் தேடினாள். இடம் போதவில்லை என்று கோடையில் படங்களையெல்லாம் அழித்திருந்தாள். குறிப்பேட்டில் இல்லை. நகலெடுத்த கட்டிலும் இல்லை.

"ஜெனி, தூங்கிவிட்டாயா?"

"நீ விளக்கைப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டால் யார் தூங்குவது?" அடுத்த கட்டிலிலிருந்து ஜெனிபர் எழுந்து உட்கார்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கேட்டது, "ஒப்புமைச் சோதனையில் எவ்வளவு வந்தது?"

"நான்கு விழுக்காடு."

"10 வரைக்கும் தண்டனை கிடையாது. 2018-இல் மானியக் குழுவே போட்ட விதி. பிறகென்ன?"

"அந்த நான்கில் இந்தப் பத்தி இல்லை. இதை மென்பொருள் கண்டுபிடிக்கவே இல்லை."

"அப்படியானால் இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு, தோழியின் முகத்தைப் பார்த்ததும், "சரி, வேண்டாம். எடுத்துவிடு" என்றாள்.

எடுத்துப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த இரண்டு பக்கமும் அந்தப் பத்தியை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தன. அடுத்த பக்கம் 'இந்த நீதி' என்று தொடங்கியது. மறுபடி ஒட்டினாள். சொற்களை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். 'செவியால் கணிக்கிறான்' என்று எழுதியபோது அவளுக்கே கூசியது. திருட்டு அப்படியே இருந்தது, அழகு மட்டும் போயிருந்தது.

"இரு. நீ எனக்கு ஏதோ ஒரு பக்கம் அனுப்பி, என்ன எழுத்து என்று தெரிகிறதா என்று கேட்டாயே?" ஜெனிபர் தன் வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். பிறந்தநாள் கேக், மெஸ் சாம்பாரில் மிதந்த ஏதோ ஒன்று, தேர்வு அட்டவணை. அதற்கும் மேலே அந்தப் படம்.

தட்டச்சுப் பொறியில் அடித்த பக்கம். கொம்புகள் வரியைவிட்டுச் சற்று இறங்கியிருந்தன. மேல் மூலையில் ஊதா நிற முத்திரையில் பாதி தெரிந்தது: 'துறை நூல'. பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் முத்துச்செல்வியின் கட்டைவிரல்.

நினைவு வந்துவிட்டது. துறை அலமாரியின் அடித்தட்டில் பழைய எம்.ஃபில். ஏடுகள் அடுக்கியிருப்பார்கள். பழுப்பு ரெக்சின் அட்டை, 1986. மின்சாரம் போனதால் அவசரத்தில் படம் பிடித்து, மாற்றி, வரைவில் ஒட்டி, 'ஊர் போய் வந்து மேற்கோள் போட வேண்டும்' என்று நினைத்துக்கொண்டாள். எழுதியவர் பெயர் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. இணையத்தில் ஏறாத ஏடு. சோதனை மென்பொருளுக்கு அந்த அலமாரி இருப்பதே தெரியாது.

சான்று தேடுகிற வேகத்தில் களக் குறிப்பேட்டையும் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். கருப்பையா தாத்தாவிடம் பேசிய நாள். நாற்பது ஆண்டு மடை திறந்தவர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அந்தப் பத்தியில் நீதி பற்றி வரும் வரியை அவள் தன் சொந்தக் கருத்தாகவே அவரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவர் சொன்னது கிறுக்கலாக இருந்தது:

"நிலம் இல்லாதவன் நியாயமாக இருப்பான் என்று நிலம் இருக்கிறவன்தான் சொல்வான் தாயி. வாய்க்காலைத் தவறாகத் திருப்பினால் களத்தில் எனக்கு நெல் அளக்க மாட்டார்கள். அந்தப் பயத்துக்கு நீதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்."

அதன் கீழே அவளே எழுதியிருந்தாள்: 'இயல் 3-உடன் ஒத்து வரவில்லை. விட்டுவிடலாம்.'

ஜெனிபர் எட்டிப் படித்தாள். "இதையா விட்டாய்?" என்றாள்.

முத்துச்செல்வி பத்தியை உள்ளே தள்ளி மேற்கோள் குறிக்குள் வைத்தாள். முன்னால் ஒரு வரி சேர்த்தாள்: '1986-இல் இத்துறையில் அளிக்கப்பட்ட ஆய்வேடு ஒன்று இவ்வாறு கருதுகிறது.' பின்னால் தாத்தா சொன்னதை அப்படியே வைத்தாள். 'இந்த நீதி' என்று தொடங்கிய அடுத்த பக்கத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எழுதத் தொடங்கினாள். வாக்கியங்கள் முட்டி மோதின. பச்சை மை விழக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. களத்தில் அளந்த நெல், அளக்காமல் விட்ட ஆண்டுகள், கேணி வெட்டிக்கொண்டவர்கள் மடைப் பக்கமே வராமல் போனது என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். மூன்று மணிக்கு ஜெனிபர் ஃபிளாஸ்க்கிலிருந்த கடைசித் தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தாள்.

நெறியாளருக்கு எழுதுவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஆயிற்று. கடைசியில் சுருக்கமாக அனுப்பினாள்: 'மேடம், நீங்கள் பாராட்டிய பத்தி என்னுடையது அல்ல. துறை அலமாரியில் உள்ள ஒரு எம்.ஃபில். ஏட்டிலிருந்து எடுத்து, குறிப்பிடாமல் விட்டுவிட்டேன். என்னுடையது என்றே நினைத்திருந்தேன். திருத்திய இயலை இணைத்திருக்கிறேன்.'

ஐந்தரைக்குப் பதில் வந்தது.

'படித்தேன். பாராட்டு பத்திக்குத்தான், அதை எழுதியவரிடம் சேர்த்துவிடுகிறேன். என் சீனியர், இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறார். எட்டு மணிக்குத் துறைக்கு வா, அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். மேற்கோளை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடு, இன்னும் "மரதம்" என்றுதான் இருக்கிறது. கருப்பையா எந்தத் தேதியில் அதைச் சொன்னார் என்பதையும் போடு.'

எட்டேமுக்காலுக்கு அச்சகத்தில் நின்றாள். அச்சகக்காரர் கோப்பைத் திறந்து கீழே வரை உருட்டினார்.

"நேற்று 94 பக்கம் என்றீர்களே, இப்போது 96 காட்டுகிறது. பொருளடக்கத்தை மாற்றினீர்களா?"

மாற்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.