மதிப்பூதியக் கடிதம்: வரைவும் திருத்தமும்

செப்டம்பர் 2, 2025

ஐயா, வணக்கம்.

கல்வெட்டியல் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய மதிப்பூதியக் கடிதத்தை எழுதிவிட்டேன். நாளை காலைக்குள் அனுப்பினால் நல்லது. கணக்குப் பிரிவில் சொன்ன தொகைகளை அப்படியே போட்டிருக்கிறேன். படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"பெருமதிப்பிற்குரிய அம்மையீர், எமது துறையில் நடைபெறவிருக்கும் வட்டெழுத்துச் சிறப்புரைக்குத் தங்களின் வருகையை இதன்மூலம் உறுதி செய்துகொள்ள விழைகிறோம். மேற்படி உரைக்குத் தங்களுக்குச் சன்மானமாக ரூ.18,000 நிர்ணயிக்கப்பட்டுள்ளது. வருமான வரிச் சட்டத்தின்படி ரூ.5,400 பிடித்தம் செய்யப்பட்டு, ரூ.12,600 மட்டும் வழங்கப்படும். பான் எண் இல்லாத பட்சத்தில் 20 சதவீதம் பிடித்தம் செய்யப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். தொகை விரைவில் தங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். தங்களின் மேலான ஒத்துழைப்பை நாடும், தமிழ்த்துறை."

செந்தில்

செப்டம்பர் 2, இரவு

செந்தில்,

படித்தேன். தொகையில் பிழையில்லை. ஆனால் இது ஒரு நகராட்சி அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ஜூலையில் மூன்று நாள் நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தமிழி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு எழுதுகிறோம், நினைவிருக்கட்டும்.

முதலில் அந்த 5,400. பதினெட்டாயிரத்தில் பத்து சதவீதம் என்றால் 1,800. யார் படித்தாலும் மனதுக்குள் அந்தக் கணக்கைத்தான் போடுவார்கள். மூன்று மடங்கு பிடித்துவிட்டு "சட்டத்தின்படி" என்று ஒரு சொல்லோடு கடந்து போனால், நாம் எங்கோ தப்புச் செய்திருக்கிறோம் என்றுதான் அவர் நினைப்பார். கேட்கவும் கூச்சப்படுவார். காரணத்தை எழுத வேண்டும். ஜூலை பயிலரங்குக்கு ஒரு நாளைக்கு 12,000 வீதம் 36,000 கொடுத்தோம். அப்போது வரி பிடிக்கவில்லை, ஏனென்றால் 194ஜே பிரிவில் ஆண்டுக்கு 50,000 தாண்டினால்தான் பிடிக்க வேண்டும். (இந்த ஏப்ரல் முதல்தான் 50,000. போன வருடம்வரை 30,000 ஆக இருந்தது. அந்த வரம்பு இருந்திருந்தால் ஜூலையிலேயே பிடித்திருப்போம், இந்தக் குழப்பமே வந்திருக்காது.) இப்போது 18,000 சேர்ந்தால் மொத்தம் 54,000. வரம்பு தாண்டியதும் தாண்டிய 4,000-க்கு மட்டும் இல்லை, முழு 54,000-க்கும் பிடிக்க வேண்டும். ஜூலைத் தொகைக்கான 3,600-உம் இதில்தான் சேர்கிறது. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டால் போதும், அவர் கணக்குத் தெரிந்தவர்.

"12,600 மட்டும்" என்பதில் "மட்டும்" வேண்டாம். காசோலையில் எழுத்தால் எழுதும்போது அது யாரும் ஓர் இலக்கம் சேர்த்துவிடாமல் இருக்கப் போடுவது. வாக்கியத்துக்குள் வந்தால் "இவ்வளவுதான் தருவோம்" என்று கேட்கிறது.

பான் எண் பற்றிய வரி முழுவதும் வெட்டிவிட்டேன். ஜூலையிலேயே பான் நகல் கொடுத்துவிட்டார், கோப்பில் இருக்கிறது. கொடுத்தவரிடம் போய் "கொடுக்காவிட்டால் 20 சதவீதம்" என்றால் மிரட்டுவது போல் இல்லையா?

"விரைவில்" என்ற சொல்லை நம் கல்லூரியில் எவரும் நம்புவதில்லை. தேதி வேண்டும். கணக்கரிடம் பேசிவிட்டேன்: செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. அதற்கு நம் பக்கத்தில் உரை முடிந்த திங்கள்கிழமையே, 15ஆம் தேதி, வவுச்சர் போய்ச் சேர வேண்டும். அது உங்கள் பொறுப்பு.

"சன்மானம்" தவறில்லை. ஆனால் பட்டிமன்ற மேடையில் பொன்னாடையோடு கொடுப்பது போல் ஒரு வாசம் வருகிறது. "மதிப்பூதியம்" என்றே வைத்துக்கொள்ளலாம். "மேற்படி", "விழைகிறோம்", "-படும்" எல்லாம் போகட்டும். யார் பிடிக்கிறார்கள், யார் தருகிறார்கள் என்று தெரியும்படி "பிடிப்போம், அனுப்புவோம்" என்று எழுதுங்கள்.

பயணத்தையும் சேர்க்க வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போக வர இரண்டு டிக்கெட்டும் நாமே எடுத்துவிட்டோம், அதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி. இல்லையென்றால் 12,600-க்குள்தான் ரயில் செலவும் என்று நினைத்துக்கொள்வார்.

செப்டம்பர் 3

ஐயா,

திருத்தி எழுதுகிறேன். ஒரு சந்தேகம். மதிப்பூதியத்தை 14,000 என்று வைத்தால் மொத்தம் சரியாக 50,000-இல் நின்றுவிடும். 50,000-ஐத் தாண்டினால்தானே பிடித்தம்? அப்போது அவர் கைக்கு முழு 14,000 போகும், இப்போது 12,600-தானே போகிறது. கணக்கர்தான் இப்படி ஒரு யோசனை சொன்னார்.

இன்னொன்று, 4,000-ஐ மட்டும் தனியாக ஏப்ரலில் கொடுத்தால் அது அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்விடாதா?

செந்தில்

செப்டம்பர் 3

செந்தில்,

கணக்கரின் யோசனை கணக்காகச் சரி, நியாயமாகச் சரியில்லை. பிடித்த 5,400 நம்மிடம் தங்காது, அவர் பெயரில் அரசிடம் போகிறது. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்வார், கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் திரும்ப வரும். நாம் 4,000 குறைத்தால் அது அவருக்குத் திரும்ப வரவே வராது. இன்று கைக்கு 1,400 கூடுகிறது என்று சொல்லி 4,000-ஐ வெட்டுவதா?

ஏப்ரல் யோசனையும் வேண்டாம். செப்டம்பரில் செய்த வேலைக்குச் செப்டம்பரிலேயே கணக்கு எழுத வேண்டும். கணக்கில் வரவு எழுதும் நாள், பணம் கொடுக்கும் நாள் இரண்டில் எது முந்தியோ அன்றே வரிக்குரிய நாள். ஏழு மாதம் காக்க வைத்துவிட்டு 4,000 ரூபாயோடு போய் நிற்கவும் எனக்கு முகம் இல்லை.

18,000-ஆகவே இருக்கட்டும். எழுதி அனுப்புங்கள்.

செப்டம்பர் 4

பொருள்: செப்டம்பர் 12, 13 நிகழ்வுகள் – மதிப்பூதியம், வரிப் பிடித்தம், பணம் வரும் நாள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்குத் துறைக் கருத்தரங்க அறையில் வட்டெழுத்து பற்றிய உங்கள் உரை. மறுநாள் 13, சனிக்கிழமை காலை 6.30 மணிக்குக் கீழக்குயில்குடி சமணர்மலைக்கு மாணவர்களோடு புறப்படுகிறோம். செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். ஜூலையில் தமிழி படித்த மாணவர்கள் அத்தனை பேரும் இதற்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு நாளுக்கும் சேர்த்து உங்கள் மதிப்பூதியம் ரூ.18,000. இதில் ரூ.5,400 வருமான வரியாகப் பிடித்து, ரூ.12,600 (ரூபாய் பன்னிரண்டாயிரத்து அறுநூறு) உங்கள் கணக்குக்கு அனுப்புவோம்.

பிடித்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியும், அதற்குக் காரணம் இது. ஜூலை 18 முதல் 20 வரை நடந்த பயிலரங்குக்கு உங்களுக்கு ரூ.36,000 அனுப்பினோம். ஓர் ஆண்டில் ஒருவருக்குத் தரும் மொத்தம் ரூ.50,000-ஐத் தாண்டாதவரை 194ஜே பிரிவில் வரி பிடிக்கத் தேவையில்லை என்பதால் அப்போது முழுத் தொகையும் வந்தது. இப்போது மொத்தம் ரூ.54,000 ஆகிறது. வரம்பைத் தாண்டியதால் முழுத் தொகைக்கும் 10 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை பயிலரங்கு: ரூ.36,000 (வரி ரூ.3,600)
செப்டம்பர் உரையும் களப்பயணமும்: ரூ.18,000 (வரி ரூ.1,800)
மொத்தம்: ரூ.54,000 (வரி ரூ.5,400)

ஜூலையிலேயே இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். மீண்டும் உங்களை அழைப்போம் என்று அப்போது தெரியாததால் விட்டுவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த தொகையை அக்டோபர் 7-க்குள் உங்கள் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்திவிடுவோம். அதற்கான படிவம் 16ஏ நவம்பர் 15-க்குள் மின்னஞ்சலில் வரும். 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கில் இதைக் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்குரிய வரி இதைவிடக் குறைவாக இருந்தால் மீதி திரும்பக் கிடைக்கும்.

ரூ.12,600 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை, ஜூலையில் தந்த அதே வங்கிக் கணக்குக்கு நெஃப்டில் வரும். கணக்கு மாறியிருந்தால் மட்டும் 12ஆம் தேதி நேரில் வரும்போது சொல்லுங்கள். பான் நகல் எங்களிடம் இருக்கிறது, மறுபடியும் தர வேண்டியதில்லை. மதிப்பூதிய ரசீதில் ஒரு கையொப்பம் வேண்டும், அதை அன்றே வாங்கிக்கொள்கிறேன்.

பயணச் செலவு இதில் சேராது. 11ஆம் தேதி இரவு சென்னையிலிருந்தும் 13ஆம் தேதி இரவு மதுரையிலிருந்தும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கையாகப் பதிவு செய்திருக்கிறோம். டிக்கெட்டுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். 12ஆம் தேதி காலையில் நிலையத்துக்கு நானே வண்டியோடு வருகிறேன். விருந்தினர் இல்லத்தில் போன முறை தங்கிய அதே கீழ்த்தள அறை.

தொகையிலோ தேதியிலோ ஏதாவது கேட்க வேண்டுமானால் தயங்காமல் என்னையே அழையுங்கள்.

அன்புடன்,
செந்தில்
உதவிப் பேராசிரியர், தமிழ்த்துறை
(துறைத் தலைவருக்காக)

செப்டம்பர் 4, மாலை – வாட்ஸ்அப்

அம்மா, வணக்கம். மதிப்பூதிய விவரம் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். சுருக்கமாக: ரூ.18,000, ஜூலைத் தொகைக்கும் சேர்த்து வரி ரூ.5,400, கைக்கு வருவது ரூ.12,600, செப்டம்பர் 26. வரி ஏன் இவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன். ரயில் டிக்கெட்டும் அதில் இருக்கிறது. மலைக்கு வரும்போது நல்ல பிடிமானமுள்ள செருப்புப் போட்டு வாருங்கள், பேச்சிப்பள்ளம் போகும் படிகள் வழவழப்பாக இருக்கின்றன. – செந்தில்