செண்ட் அமுக்காத தம்பி, இத ஒருக்கா பாத்துடு

தம்பி, காப்பி வாங்கறவங்களுக்கு நீ எழுதுன மெயில அப்படியே டிராஃப்ட்ல வெச்சுரு. நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்ட ரெண்டு வாட்டி படிச்சுட்டேன், நல்லாதான் எழுதியிருக்க, ஆனா இப்படியே போனா நமக்குத்தான் நஷ்டம். நான் அஸ்தம்பட்டி ஆபீஸ்ல ஏழு மணி வரைக்கும் இருப்பேன், ஏற்காட்டுல உனக்கு டவர் கெடைக்கறப்ப ஒவ்வொண்ணா சரி பண்ணு.

மொதல்ல To-ல இருக்கற மூணு அட்ரஸையும் அழிச்சுடு, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் கடைசியா போட்டுக்கலாம், கை தவறி அமுக்குனாலும் போகாது. மூணு பேரையும் ஒரே மெயில்ல போட்டா நாம யார்யார்கிட்ட காப்பி விக்கறோம்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சுடும். போன வருஷம் நான் இதே தப்ப பண்ணி, அடுத்த நாளே பெங்களூர்காரர் ஃபோன் பண்ணி "அவங்களுக்கு என்ன ரேட்டு சொன்னீங்க"ன்னு கேட்டப்ப எனக்கு பேச்சே வரல. Bcc போட்டாலும் பொதுவா எல்லாருக்கும் அனுப்புன நோட்டீஸ் மாதிரி இருக்கும், அதனால மூணு மெயிலா தனித்தனியா அனுப்பு. அப்புறம் ரெண்டு எழுத்து அடிச்சதும் பழைய அட்ரஸ் தானா வந்து ஒக்காந்துக்கும், நம்ம க்யூரிங்காரர் பேரும் பெங்களூர்காரர் பேரும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது, முழு அட்ரஸயும் படிச்சுப் பாரு. சென்னையில நம்மகிட்ட வாங்கற ஆளு அம்மா, நீ Dear Sir-னு போட்டிருக்க, அதையும் மாத்திடு.

இதவிட பெரிய விஷயம், நீ போன வருஷ மெயிலுக்கே ரிப்ளை போட்டு எழுதியிருக்க. சப்ஜெக்ட்ல இன்னும் "Re: pending payment"னு நிக்குது, அதப் பாத்ததும் வாங்கறவருக்கு பாக்கி கேக்கறோம்னுதான் தோணும். கீழ உருட்டிப் பாத்தா போன வருஷம் பேசுன ரேட்டு மொத்தமா இருக்கு, அதையே கோயமுத்தூர் புதுப் பார்ட்டிக்கு ஃபார்வர்ட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும் சொல்லு. புதுசா Compose தொறந்து இத போடு:

```
Arabica Plantation A, 13 bags, Yercaud: rate and sample
```

ஃபோன்ல பாக்கறவங்களுக்கு மொதல் நாலஞ்சு வார்த்தைதான் தெரியும், அதான் சரக்கு பேரையும் மூட்டையையும் முன்னாடி வெச்சேன்.

மூட்டைன்னதும் ஞாபகம் வருது, மெயில்ல 14 மூட்டைன்னு எழுதியிருக்க, ஷீட்ல 650 கிலோ இருக்கு. 50 கிலோ மூட்டைன்னா 13தான் வருது. கொடவுன்ல எண்ணிட்டு எது சரியோ அத ரெண்டு எடத்துலயும் ஒண்ணா போடு, 14 இருந்தா சப்ஜெக்ட்லயும் மாத்து. வாங்கறவங்க மொதல்ல கணக்கத்தான் பாப்பாங்க.

நீ ஒட்டியிருக்கற rate_final2.xlsx-அ எடுத்துடு. அதுல கீழ ரெண்டாவது ஷீட்டு ஒண்ணு இருக்கு, பறிப்புக் கூலி, நமக்கு அடக்கம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கின்னு எல்லாம் அதுல கெடக்கு. மொதல் ஷீட்ட மட்டும் பிடிஎஃப் எடுத்து ஒட்டு, ஒட்டுனப்புறம் அதயே தொறந்து பாரு, பேர மட்டும் பாத்தா போதாது. களத்துல எடுத்த ஃபோட்டோ எட்டும் சேந்து 30 எம்பி தாண்டுது, ஜிமெயில்ல 25 எம்பிக்கு மேல போனா ட்ரைவ் லிங்கா மாறிடும், பர்மிஷன் குடுக்கலன்னா அவங்க கேட்டுகிட்டு நிக்கணும், நீ மலையில டவர் இல்லாம இருப்ப. நல்லதா மூணு ஃபோட்டோ போதும், களத்துல காப்பி காயற படம் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

இப்ப பேச்சுக்கு வரேன். "போன தடவ மாதிரி பணத்த இழுக்காதீங்க"ன்னு ஒரு வரி இருக்கே, அது வேணாம் கண்ணு. உன் கோவம் எனக்குப் புரியுது, அந்த மூணு மாசம் கூலி குடுக்க நாம பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனா புது சரக்கக் காட்டற மெயில்ல பழைய கோவம் இருந்தா வாங்கறவரு சரக்கப் பாக்க மாட்டாரு, கோவத்துக்குத்தான் பதில் போடுவாரு. அதுக்குப் பதிலா "பாதிப் பணம் ஆர்டரோட, மீதி லோடு எறங்குன 15 நாள்ல"ன்னு கண்டிசனா எழுதிடு, கேக்க வேண்டியதையும் கேட்டாச்சு, மரியாதையும் போகல. "உடனே பதில் போடவும்"ங்கறதையும் எடுத்துட்டு "வெள்ளிக்கெழமைக்குள்ள சொன்னீங்கன்னா சாம்பிள் 250 கிராம் அனுப்பி வெக்கறோம்"னு போடு.

கம்ப்யூட்டர்ல அனுப்பறதா இருந்தா செட்டிங்ஸ்ல Undo Send 30 செகண்டுன்னு வெச்சுக்கோ. பெங்களூர் மெயில மொதல்ல அனுப்பு, அனுப்புனதும் Sent-ல போயி அந்த பிடிஎஃப் தொறக்குதான்னு பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு, அப்புறமா மத்த ரெண்டும் போகட்டும்.