வேலூர் கோட்டை மைதானத்திலிருந்து ஓடுவோம்: பிப்ரவரி 8, ஞாயிறு காலை

வேலூர் மக்களே, காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம் பகுதி நண்பர்களே! 2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாம் எல்லோரும் சேர்ந்து ஓடப் போகிறோம். முன்பதிவு தொடங்கிவிட்டது.

இது போட்டிக்கான ஓட்டம் அல்ல. ஓடலாம், நடக்கலாம், பாதி ஓடிப் பாதி நடக்கலாம். கடைசியாக வருபவர் எல்லைக்கோட்டைத் தொடும்வரை மைதானத்தை விட்டு யாரும் கலையமாட்டோம்.

தூரம் இரண்டு வகை. 5 கிலோமீட்டர் ஓட்டம் கோட்டை மைதானத்தில் தொடங்கி, அண்ணா சாலை வழியாகத் தொரப்பாடிப் பக்கம் தெற்கே 2.5 கிலோமீட்டர் சென்று, சாலை நடுவே வைத்திருக்கும் சிவப்புக் கூம்பைச் சுற்றி வந்த வழியே திரும்பும். திரும்பும்போது கோட்டை மதில் இடப்பக்கம் தெரியத் தொடங்கினால் எல்லைக்கோடு பக்கத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டர் ஓட்டமும் அதே சாலைதான். ஒரு கிலோமீட்டரில் திரும்பிவிடலாம்.

வயதுப் பிரிவுகள், ஓட்ட நாளில் நிறைவடைந்திருக்கும் வயதின்படி:
5 கி.மீ.: 13 முதல் 17, 18 முதல் 39, 40 முதல் 59, 60க்கு மேல். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனித்தனி.
2 கி.மீ.: 6 முதல் 12 வயதுச் சிறுவர் சிறுமியர், உடன் ஓட அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ ஒருவர் கட்டாயம். 5 கிலோமீட்டர் அதிகம் என்று நினைக்கும் பெரியவர்களும் இதில் சேரலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 150 ரூபாய், 13 முதல் 17 வயது மாணவர்களுக்கு 50 ரூபாய். 12 வயது வரை உள்ளவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் கட்டணம் இல்லை. சிறுவருடன் ஓடும் பெற்றோரில் ஒருவருக்கும் இல்லை. இந்த முறை பனியன் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வேலூரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இன்னும் வெறுங்காலோடுதான் பயிற்சி செய்கிறார்கள். காலை எட்டு மணிக்கே சுடத் தொடங்கும் மண்ணில் அவர்கள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, வீட்டு அலமாரியில் இன்னொரு பனியன் சேர்வது பெரிதாகத் தோன்றாது. குடிநீர், சிற்றுண்டிச் செலவு போக மீதமாகும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டக் காலணி வாங்கத்தான். வரவு செலவுக் கணக்கை அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 15 அன்று, இதே மைதானத்தில் எழுதி ஒட்டுகிறோம். யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம்.

பதிவு செய்ய: ஜனவரி 31 வரை, சனிக்கிழமை மாலை 5 முதல் 8 மணி, ஞாயிறு காலை 6 முதல் 8 மணி, கோட்டை மைதானத்தில் எங்கள் மேசை இருக்கும். பணமாகவும் தரலாம், கைபேசியில் ஸ்கேன் செய்தும் செலுத்தலாம். வயதைக் காட்டும் அடையாள அட்டை ஒன்றைக் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பித் தருவோம், நகல் வேண்டாம். மொத்தம் 600 எண் அட்டைகள் மட்டுமே. பிப்ரவரி 7, சனிக்கிழமை மாலை 4 முதல் 8 மணி வரை அவற்றை அதே மேசையில் பெற்றுக்கொள்ளலாம். ஓட்ட நாளன்று புதிய பதிவு கிடையாது.

இப்போது நேரம். எல்லோரும் காலை 5.15 மணிக்குள் மைதானத்தில் இருக்க வேண்டும். 5.40க்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. 5 கி.மீ. சரியாக 6.00 மணிக்கு, 2 கி.மீ. 6.20க்குப் புறப்படும். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்பவர்களுக்கு: சென்ற முறை ஏழு மணிக்குத் தொடங்கினோம். திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டது. அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் தலைசுற்றிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, தண்ணீர் கொடுத்ததும் தேறினார். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் ஊர் வெயிலை நமக்குத் தெரியும். அதை முந்திக்கொண்டு ஓடிவிடுவோம். 7.30க்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்பதே திட்டம்.

ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தண்ணீர் இருக்கும், டம்ளரில் தருவோம். சொந்தப் பாட்டில் கொண்டு வந்தால் இன்னும் நல்லது. மைதானத்தில் மருத்துவரும் ஆம்புலன்ஸும் இருப்பார்கள். இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் நடக்கச் சொன்னால் நடங்கள். ஓட்டம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், மோர், அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம்.

பஸ்ஸில் வருபவர்கள் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். இரு சக்கர வாகனங்களை மைதானத்தின் ஓரம் நிறுத்த இடம் உண்டு. காரில் வருபவர்கள் தயவுசெய்து நான்கு பேராகச் சேர்ந்து வாருங்கள், அண்ணா சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். எண் அட்டையைச் சட்டையின் முன்பக்கம் குத்தி, 5.15க்குள் வந்துவிடுங்கள்.