7-ஆ பிரிவு: புதன், வியாழன், வெள்ளி நான் லீவு

பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள், கூட இருந்து சொட்டு மருந்து விட நான்தான் போக வேண்டும். அதனால் நவம்பர் 12, 13, 14 (புதன், வியாழன், வெள்ளி) மூன்று நாளும் பள்ளிக்கு வர மாட்டேன். 17ஆம் தேதி திங்கட்கிழமை வந்துவிடுவேன். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, சின்ன ஆபரேஷன்தான். குரூப்பில் கைகூப்புகிற படம் நாற்பது பேர் போட்டால் முக்கியமான செய்தி மேலே போய்விடும், அதனால் மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

காலையில் அட்டெண்டன்ஸ் எடுப்பது, டைரியில் கையெழுத்துப் போடுவது எல்லாம் இந்த மூன்று நாளும் தமிழ் டீச்சர் பொறுப்பு. லீவு லெட்டரை அவர்களிடம் கொடுங்கள். நடுவில் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் எனக்கு போன் போட்டுப் பயனில்லை, ஆபீசில் கேட்டு தமிழ் டீச்சரைப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சத்துணவு அக்காவிடம் லீடர்தான் காலையிலேயே போய்ச் சொல்ல வேண்டும். போன தடவை மறந்துவிட்டு கடைசி நேரத்தில் ஓடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கணக்குப் பீரியடுக்கு புதனும் வியாழனும் 7-அ பிரிவு கணக்கு சார் வருவார். வட்டத்தின் சுற்றளவு முடித்தாயிற்று, அவர் பரப்பளவில் இருந்து ஆரம்பிப்பார். நான் போடுகிற முறையும் அவர் போடுகிற முறையும் கொஞ்சம் மாறலாம், "எங்க டீச்சர் இப்படிச் சொல்லலையே சார்" என்று அவரிடம் வம்பு பண்ணாதீர்கள், இரண்டிலும் விடை ஒன்றுதான் வரும். வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம், பாடம் நடக்காது. நம் வகுப்பு நாடகத்தை பி.டி. சார் பார்த்துக்கொள்வார். உங்கள் நாடகத்தைப் பார்க்க முடியாததுதான் எனக்கு வருத்தம். யாராவது வீடியோ எடுத்து வையுங்கள்.

சரி, வீட்டுப்பாடம். வீட்டில் வட்டமாக இருக்கிற மூன்று பொருள் எடுத்துக்கொள்ளுங்கள், வளையல், சில்வர் தட்டு, டிபன் பாக்ஸ் மூடி, எதுவானாலும் சரி. நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளந்தால் சுற்றளவு. கம்பளி நூல் வேண்டாம், இழுத்தால் நீளும், பூக்கட்டுகிற நூல் நல்லது. விட்டத்துக்கு, பொருளின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு புத்தகத்தை நேராக நிறுத்தி, நடுவில் இருக்கிற தூரத்தை அளங்கள், கண்ணால் மையத்தைத் தேடுவதைவிட இது சரியாக வரும். சுற்றளவை விட்டத்தால் வகுத்து எழுதுங்கள். 3.1, 3.2 என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள், அழிக்காதீர்கள். மூன்று பொருளுக்கும் கச்சிதமாக 3.14 என்று எழுதியிருந்தால் அளக்கவே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இது போக மூன்று கணக்கு, நோட்டில் படம் வரைந்து போட வேண்டும். π = 22/7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 செ.மீ. விட்டமுள்ள தட்டின் சுற்றளவும் பரப்பளவும் என்ன? 70 செ.மீ. விட்டமுள்ள சைக்கிள் சக்கரம் 100 முறை சுற்றினால் எத்தனை மீட்டர் போகும்? 14 மீட்டர் ஆரமுள்ள வட்டத் தோட்டத்தைச் சுற்றி 7 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் பாதையின் பரப்பளவு என்ன? கடைசிக் கணக்கில் பாதி பேர் 7-ஐயே ஆரமாக எடுத்துவிடுவார்கள். வெளி வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்று முதலில் யோசியுங்கள். வியாழக்கிழமை சார் பாதைக் கணக்கு நடத்திவிடுவார், அதற்கு அப்புறம் போட்டால் போதும்.

பெற்றோர்களுக்கு ஒன்று. அளக்கும்போது நூலைப் பிடித்து உதவுங்கள், கணக்கைப் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் கையெழுத்தையும் பிள்ளைகள் கையெழுத்தையும் எனக்கு நன்றாகவே பிரித்துத் தெரியும்.

திங்கட்கிழமை வைப்பதாக இருந்த யூனிட் டெஸ்ட் 19ஆம் தேதி புதனுக்குத் தள்ளிப்போகிறது. நடுவில் மழைக்கு கலெக்டர் லீவு விட்டாலும் டெஸ்ட் தேதி மாறாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நோட்டு திங்கட்கிழமை காலையில் என் மேசையில் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் போன் சைலண்டில் இருக்கும். அவசரம் என்றால் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். பாடத்தில் சந்தேகம் என்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டு வையுங்கள், ராத்திரி 7 மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன். குரூப்பில் இல்லாத இரண்டு மூன்று வீடுகளுக்கு, பக்கத்தில் இருக்கிறவர்கள் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

வகுப்பாசிரியை, 7-ஆ