பணி ஒப்பந்தம் முடிவுக்கு வருவது குறித்த கடிதம்

நாகர்கோவில்
6 ஜூலை 2026

அன்புள்ள மதுரா டீச்சர் அவர்களுக்கு,

சனிக்கிழமை நேரில் பேசியதை எழுத்தில் தர வேண்டியது எங்கள் கடமை. உங்கள் வேலை விசா ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புக்கு நீங்கள் உரிய காலத்தில் விண்ணப்பித்தீர்கள், நாங்களும் கடிதம் கொடுத்தோம். ஆனாலும் அனுமதி கிடைக்கவில்லை. செல்லுபடியாகும் விசா இல்லாத வெளிநாட்டுக் குடிமகள் ஒருவரை வேலையில் வைத்திருக்க எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதனால் எங்கள் ஜெர்மன் மொழி மையத்தில் 3 ஜூலை 2023 அன்று தொடங்கிய உங்கள் பணி ஒப்பந்தத்தை இன்றோடு முடித்துக்கொள்கிறோம்.

காரணம் இது ஒன்றுதான். உங்கள் வேலையிலோ நடத்தையிலோ எங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது. நாளை வேறு யாரும் கேட்டாலும் இதையே சொல்வோம். அனுபவச் சான்றிதழிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஜூலை 1 முதல் நீங்கள் வகுப்பு எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை. பி2 பேட்சுக்குத் தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகள் உங்களுக்குப் போன் செய்கிறார்கள் என்று தெரியும். மனசு கேட்காதுதான். ஆனாலும் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தால்கூட அது வேலையாகவே பார்க்கப்படலாம், பிறகு நீங்கள் விசா கேட்கும்போது தடையாக வந்து நிற்கலாம். அதனால் வீட்டிலோ ஆன்லைனிலோ இப்போதைக்கு வகுப்பு வேண்டாம். அந்த பேட்சை மார்த்தாண்டம் வகுப்பின் ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். உங்கள் குறிப்பேட்டை அவரிடம் கொடுத்தால் போதும்.

இனி பணக் கணக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்கவும் வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தில் நீங்கள் வேலை பார்க்க முடியாது என்பதால் அந்த ஒரு மாதச் சம்பளம் ரூ.48,000ஐ முழுதாகத் தருகிறோம். ஜூலையில் ஆறு நாளுக்கு நாள் ஒன்றுக்கு ரூ.1,600 வீதம் ரூ.9,600. எடுக்காத விடுப்பு 11 நாளுக்கு ரூ.17,600. ஒப்பந்தக் காலம் குறிக்கப்பட்ட பணி என்பதால் மூன்று ஆண்டுக்குக் கிராஜுவிட்டி ரூ.83,077. மொத்தம் ரூ.1,58,277. சட்டப்படியான வரிப் பிடித்தம் இருந்தால் அதைக் கழித்து, மீதியைப் புதன்கிழமை, ஜூலை 8க்குள் உங்கள் கணக்கில் போட்டுவிடுவோம். பணம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே இங்குள்ள வங்கிக் கணக்கை மூடுங்கள். கணக்கில் தவறு தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இந்த முடிவை எதிர்த்து அதே சட்டத்தின் கீழ் முறையீடு செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. இந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவது அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது.

விசா முடிந்த நிலையில் நேராக விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். indianfrro.gov.in தளத்தில் வெளியேறும் அனுமதிக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்காளர் அக்கா உங்களோடு உட்கார்ந்து அதைச் செய்து தருவார். நாகர்கோவிலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னாலும் கூடவே வருவார். உங்கள் பணி முடிந்ததை நாங்களும் அங்கே எழுத்தில் தெரிவிக்கிறோம். கூடுதல் நாள் தங்கியதற்குக் கட்டணம் கேட்டால் அதையும், திருவனந்தபுரத்திலிருந்து பிராங்க்பர்ட் வரை விமானச் சீட்டையும் மையமே ஏற்கும். மையம் எடுத்துக்கொடுத்த வீட்டில் நீங்கள் புறப்படும் நாள்வரை இருக்கலாம், வாடகை பற்றி யோசிக்க வேண்டாம். மையத்தின் லேப்டாப்பையும் சாவியையும் கடைசி நாளில் கொடுத்தால் சரி.

ஜெர்மனிக்குப் போனபின் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் புதிதாக வேலை விசா கேட்க நீங்கள் விரும்பினால், புதிய பணிநியமனக் கடிதம் தரத் தயாராக இருக்கிறோம். விசா கிடைக்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையில் அங்கே கிடைக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் அக்கறையோடு சொல்கிறோம்.

குளச்சலிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு, "இ சொல்லுங்க, உதட்டை மட்டும் உ மாதிரி குவிங்க" என்று அந்த ஜெர்மன் எழுத்தைப் பழக்கியது நீங்கள்தான். அதே முறையைத்தான் மற்ற ஆசிரியர்களும் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வகுப்பு இல்லை, சும்மா ஒரு சாயா குடிக்கத்தான். முடிந்தால் வாருங்கள்.

இப்படிக்கு,
மையத்தின் நிர்வாகி