நியூகாசில் – போர்ன்மத், சனி பிற்பகல் 3 மணி: ஆட்டத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

இந்தச் சனிக்கிழமை நம் கால்பந்துப் பந்தய டெஸ்க்கில் தனியாக இருப்பவருக்காக எழுதியது. கோல் கணக்கில் யோசியுங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது எந்த அணியின் எதிர்பார்ப்புக் கோலை, அதாவது அந்த அணி சராசரியாக அடிக்கும் என்று நாம் கணிக்கும் கோலை, எவ்வளவு மாற்றும்?

தொடக்கக் கணக்கு (வியாழன் காலை, எல்லாரும் நலம் என்று வைத்து): நியூகாசில் 1.55 கோல், போர்ன்மத் 1.10 கோல். சராசரிக் கோலிலிருந்து ஒவ்வொரு ஸ்கோரின் வாய்ப்பையும் தரும் பாய்ஸான் கணக்கில் போட்டால் நியூகாசில் வெற்றி 47.7%, சமன் 25.3%, போர்ன்மத் 27.0%. கமிஷன் சேர்க்காத நியாய விலை, அதாவது ஒரு பவுண்டு கட்டி வென்றால் கையில் வர வேண்டிய மொத்தம், 2.10 / 3.95 / 3.70.

மனதில் வைக்க ஒரே ஒரு அளவுகோல் போதும். நியூகாசில் பக்கம் 0.10 கோல் குறைந்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை புள்ளி இறங்கும், விலை 2.10-லிருந்து 2.22-க்குப் போகும். கீழே உள்ள எல்லா எண்களும் இந்த அளவில்தான். அவை நம் டெஸ்க்கின் கைக்கணக்கு. வேறு லீகுக்கு அப்படியே எடுத்துப் போக வேண்டாம்.

1. காயமும் தடையும் (வெள்ளி, பயிற்சியாளர் பேட்டி முடிந்ததும்)

☐ ஆள் இல்லை என்பதைவிட, அவர் இடத்தில் யார் வருகிறார் என்று பாருங்கள். விலையை நகர்த்துவது இருவருக்கும் உள்ள இடைவெளிதான். பெரிய பெயர் வெளியே போனதும் சந்தை பதறும். பெஞ்சில் அவருக்கு இணையானவர் இருந்தால் நாம் 0.02-க்கு மேல் நகர வேண்டாம்.

☐ தோராய அளவுகள்: முதன்மை ஸ்ட்ரைக்கர் 0.05 முதல் 0.15 வரை. முதல் கோல்கீப்பர் போய், ஆடியே பழக்கமில்லாத இரண்டாமவர் வந்தால் எதிரணிக்கு 0.05 முதல் 0.12 வரை கூடும். ஃபுல்பேக், விங்கர் ஒருவர் மட்டும் என்றால் 0.03, பல நேரம் அதுவும் இல்லை. இரண்டு சென்டர்பேக்கும் சேர்ந்து இல்லையென்றால் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டாம். அந்த ஜோடி உடையும்போது செட்பீஸும் ஆஃப்சைடு கோடும் சேர்ந்து கெடும், அதனால் கூட்டுத்தொகையைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள்.

☐ போர்ன்மத்தின் சென்டர்பேக் ஒருவருக்கு இந்த ஆட்டம் தடை. முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை வாங்கினால் ஒரு ஆட்டம் உட்கார வேண்டும் என்பது பிரீமியர் லீக் விதி. அவர் ஐந்தாவதை வாங்கிய நாளிலிருந்து ஊருக்கே தெரியும். 1.55-க்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. இப்போது பூஜ்யம். பழைய செய்தியைப் புதிதாக எண்ணுவதுதான் இந்தத் தாளில் அதிகம் நடக்கும் தவறு.

☐ நியூகாசில் ஸ்ட்ரைக்கருக்குத் தொடைப் பின்தசைப் பிடிப்பு. "நாளை காலை பார்ப்போம்" என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். ஆட மாட்டார் என்பதற்கு 40% வைத்திருக்கிறேன். முழு இழப்பு 0.07, அதில் 40%, அதாவது சுமார் 0.03-ஐ வெள்ளியன்றே கழித்துவிடுங்கள். மீதி 0.04 லைன்அப் வரும்வரை காத்திருக்கட்டும்.

2. ஓய்வு

☐ நியூகாசில் புதன் இரவு லிஸ்பனில் ஆடியது. இடையில் இரண்டு முழு நாள்தான். போர்ன்மத்துக்கு வாரம் முழுக்க ஓய்வு. கழிக்க வேண்டியது: நியூகாசில் –0.03. இது கைக்குச் சிறிதாகத் தோன்றும், ஆனால் மனம் சொல்வதைக் கேட்டு இரட்டிப்பாக்க வேண்டாம். வாரத்தின் நடுவில் ஆடும் அணிகளிடம் பெரிய குழு இருக்கிறது. 2022-23 முதல் லீகிலும் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம்.

☐ அணி எப்போது ஆடியது என்பதோடு நிற்க வேண்டாம், யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று பாருங்கள். புதன் 90 நிமிடமும் ஓடிய நடுக்கள வீரர்கள் மூவரும் மறுபடி தொடங்கினால் இன்னொரு 0.02. ஐந்தாறு பேர் மாறியிருந்தால் களைப்புக் கழிவை எடுத்துவிட்டு, அந்த மாற்று ஆட்களின் இடைவெளியை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழிப்பது ஒரே நோய்க்கு இரண்டு மருந்து.

☐ கோப்பை ஆட்டம் 120 நிமிடம் போயிருந்தால் தனியாகக் குறியுங்கள். எஃப்.ஏ. கோப்பையில் 2024-25 முதல் மறு ஆட்டம் கிடையாது, சமன் என்றால் அன்றே கூடுதல் நேரம். மூன்று நாளில் அடுத்த ஆட்டம் என்றால் 0.05. இந்த வாரம் யாருக்கும் இல்லை.

3. பயணம்

☐ போர்ன்மத்திலிருந்து நியூகாசிலுக்குச் சாலையில் 550 கி.மீ.க்கு மேல். பூஜ்யம். சொந்த மைதானச் சாதகம் என்று நாம் வைத்திருக்கும் எண்ணுக்குள் வெளியணியின் பயணம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அந்தச் சாதகத்தில் தூரத்தின் பங்கும் சிறியது என்றே நினைக்கிறேன்: பெரும்பாலும் காலி மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீகில் வெளியணிகள் 153 ஆட்டம் வென்றன, சொந்த அணிகள் 144. பேருந்தும் விமானமும் அந்த ஆண்டும் அதே தூரம்தான் ஓடின.

☐ லிஸ்பனுக்கும் இங்கிலாந்துக்கும் கடிகாரம் ஒன்றே. பூஜ்யம். பாகு போல 4,000 கி.மீ., குளிர்காலத்தில் நான்கு மணி நேர வித்தியாசம் என்றால் 0.02. தேசிய அணி இடைவேளைக்குப் பிறகு தென் அமெரிக்காவிலிருந்து வியாழன் வந்து இறங்குகிறவர்களை மட்டும் ஆள் ஆளாகப் பாருங்கள். அவர்கள் பெஞ்சில் உட்கார வாய்ப்பு அதிகம், அதை லைன்அப் கணக்கில் சேர்க்கலாம்.

4. லைன்அப் (சனி 13:45)

☐ ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்பு இரு அணிகளின் பட்டியலும் வரும். 13:40-க்கு நம் எல்லா விலையையும் இழுத்துக்கொள்ளுங்கள். இங்கே தாமதித்தால் நம் பழைய விலையை மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள்.

☐ வரிசையாகப் பாருங்கள்: கோல்கீப்பர், சென்டர்பேக் ஜோடி, ஸ்ட்ரைக்கர், பெனால்டி அடிப்பவர். மற்றதெல்லாம் அப்புறம். எதிர்பார்த்த பதினொருவரில் இரண்டு பேர் மாறியிருப்பது வழக்கம், அதற்காக எதையும் தொட வேண்டாம்.

☐ வெள்ளி மாலை நம் எண்: 1.55 – 0.03 ஓய்வு – 0.03 ஸ்ட்ரைக்கர் = 1.49. விலை 2.17. பட்டியலில் அவர் இருந்தால் 1.52, விலை 2.13. பெஞ்சிலோ வெளியிலோ என்றால் 1.45, விலை 2.22 / 3.82 / 3.49. இந்த இரண்டு வரிசையையும் இப்போதே தட்டச்சு செய்து வையுங்கள், 13:45-க்குக் கணக்குப் போட நேரம் இருக்காது.

☐ எல்லாம் கூட்டிய மாற்றம் ஒரு பக்கம் 0.25-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். ஒரே விஷயத்தை எங்கோ இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் இந்த ஆட்டத்தை விட்டுவிடலாம்.

5. விலையோடு ஒப்பிடுதல்

☐ அவர் ஆடவில்லை, பந்தயக்காரர்கள் தங்களுக்குள் விலை பேசும் எக்ஸ்சேஞ்சில் நியூகாசில் 2.24 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் 2.22-ஐவிட மேல்தான், ஆனால் வென்ற தொகையில் 2% கமிஷன் போனால் கையில் ஒன்றும் நிற்காது. 2.30-க்குக் கீழ் வாங்க வேண்டாம். அங்கே 100 பவுண்டுக்கு எதிர்பார்ப்பு லாபம் சுமார் இரண்டரை பவுண்டு. நம் எண்ணில் 0.03 பிழை இருந்தாலும் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் தொகையும் வழக்கமானதில் பாதி.

☐ சந்தை நம்மைவிட 0.10-க்கு மேல் விலகியிருந்தால் முதலில் செய்தியைத் தேடுங்கள். பத்து நிமிடத்தில் காரணம் கிடைக்கவில்லை என்றால் பாதித் தொகைகூட வேண்டாம்.

☐ 15:00-க்குக் கடைசி விலையைப் பதிவேட்டில் எழுதுங்கள்: நாம் எடுத்த விலை, முடிவு விலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கழித்தோம், மூன்றும். ஆட்டத்தின் முடிவு வேறு பத்தியில். ஓய்வுக்கு 0.03 சரியா 0.05 சரியா என்பதைத் திங்கட்கிழமை அந்தப் பதிவேட்டை வைத்துப் பேசுவோம்.